1 சென்ட்டுக்கு எதுக்கு 1500 வார்த்தை? தேடலோட வகைய பாத்து கட்டுரை நீளத்த முடிவு பண்ண ஒரு நிகழ்வு ஆய்வு

நிலம், பத்திரம், பட்டான்னு தமிழ்ல எழுதுற ஒரு சைட்டு, பேரு வேணாம். அதுல இருந்த பழைய கட்டுரைகள திருத்தி எழுதுற வேலை என்கிட்ட வந்துச்சு. அங்க எழுதுறவங்களுக்கு ஒரே ஒரு ரூல்தான் குடுத்திருந்தாங்க, எந்த தலைப்பா இருந்தாலும் குறைஞ்சது 1500 வார்த்தை இருக்கணும். அதனால "1 சென்ட் எத்தனை சதுர அடி"ங்கிற கட்டுரையும் 1500 வார்த்தை, "கூட்டு பட்டாவ தனி பட்டாவா மாத்துறது எப்படி"ங்கிற கட்டுரையும் 1500 வார்த்தை.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா பிரச்சனை நல்லா தெரியும். சென்ட் கட்டுரைக்கு பதில் ஒரே வரி, 435.6 சதுர அடி. ஆனா அந்த வரி வர்றதுக்கு முன்னாடி நிலம்னா என்ன, அளவீடு ஏன் தேவை, அந்த காலத்துல எப்படி அளந்தாங்கன்னு நாலு துணைத்தலைப்பு ஓடுது. தரகர் முன்னாடி நின்னுக்கிட்டு போன்ல தேடுற ஆளு அதையெல்லாம் தள்ளி தள்ளி கீழ போகணும். கூட்டு பட்டா கட்டுரை அப்படியே தலைகீழ். விண்ணப்பம் எங்க போடுறது, என்னென்ன ஆவணம் வேணும்னு சொல்லிட்டு வரும்போதே 1500 ஆகிடுச்சு, அதோட முடிச்சிட்டாங்க. "ஒரு பங்காளி ஒத்துக்கலன்னா என்ன பண்றது"ங்கிற கேள்வி, அந்த தலைப்ப தேடுற நிறைய பேர் உண்மையில மனசுல வச்சிருக்கிற கேள்வி, அதுக்கு அங்க ஒரு வரி கூட இல்ல. ஒரே ரூல், ஒரு இடத்துல வெட்டியா இழுத்திருக்கு, இன்னொரு இடத்துல தேவையான இடத்துலயே நிறுத்தியிருக்கு.

அந்த 1500 எங்க இருந்து வந்துச்சு

ஓனர்கிட்ட கேட்டேன், "சார், இந்த நம்பர் யாரு சொன்னது?" "எல்லா எஸ்.இ.ஓ. ஆளுங்களும் அதான் சொல்றாங்க, கூகுள்ல முதல் பக்கத்துல வர்றதெல்லாம் பெரிய கட்டுரைதானே"ன்னாரு.

இந்த பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கு. பேக்லிங்கோங்கிற எஸ்.இ.ஓ. சைட்டு 2016ல பத்து லட்சம் தேடல் முடிவுகள எடுத்து பாத்துச்சு, முதல் பக்கத்துல வர்ற பக்கங்களோட சராசரி நீளம் 1890 வார்த்தைன்னு சொல்லுச்சு. 2020ல இன்னும் பெரிய அளவுல பாத்தப்ப 1447ன்னு வந்துச்சு. இந்த ரெண்டு நம்பரும் ஊர் ஊரா சுத்தி கடைசியில "1500 வார்த்தை எழுதுனா ரேங்க் ஆகும்"னு ஆகிடுச்சு. ஆனா அது எல்லா வகை தேடலையும் ஒண்ணா கலந்து எடுத்த சராசரி. ஒரு வரியில பதில் முடியிற தேடலும் அதுல இருக்கும், அரை மணி நேரம் படிக்க வேண்டிய தேடலும் இருக்கும். அந்த கலவையோட சராசரிய எடுத்துட்டு வந்து உங்க ஒரு குறிப்பிட்ட தேடலுக்கு இவ்வளவு எழுதணும்னு முடிவு பண்ண முடியாது. இன்னொண்ணு, நல்ல விஷயம் உள்ள பக்கம் பெருசா இருக்கலாம், அதுக்கு லிங்க் நிறைய கிடைச்சிருக்கலாம், அதனால மேல வந்திருக்கலாம். நீளம் அதோட கூட வந்த ஒண்ணு, அதாலதான் மேல வந்துச்சுன்னு சொல்ல முடியாது.

கூகுளே இத நேரா சொல்லியிருக்கு. எழுதுறவங்களுக்கான அவங்க வழிகாட்டுதல்ல, கூகுளுக்கு பிடிச்ச வார்த்தை எண்ணிக்கை ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு அதுக்காக எழுதுறீங்களான்னு ஒரு கேள்வி போட்டு, அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்லன்னு பக்கத்துலயே எழுதியிருக்காங்க. ஓனர்கிட்ட நான் முதல்ல காட்டுனது அந்த வரியதான்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு இதுல கூடுதலா ஒரு சிக்கல் இருக்கு. இங்கிலீஷுக்கு சொன்ன கணக்க அப்படியே தமிழுக்கு எடுத்துட்டு வர்றாங்க. நம்ம மொழியில "வாங்கிக்கொள்ளலாமா"ங்கிறது ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல அதையே சொல்ல மூணு நாலு வார்த்தை வேணும். அப்ப தமிழ்ல 1500ங்கிறது இங்கிலீஷ் 1500 விட நிறைய சரக்கு கேக்கும். சரக்கு இல்லன்னா என்ன நடக்கும்னு அந்த பழைய கட்டுரைகள்லயே பாத்தேன், "செய்துகொண்டிருக்கும்போது"ன்னு சேத்து எழுத வேண்டியத "செய்து கொண்டு இருக்கும் போது"ன்னு நாலா பிரிச்சு எழுதியிருக்காங்க. எண்ணிக்கை ஏறிடும், படிக்கிறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

முதல் வேலை, தேடல்கள பிரிக்கிறது

எழுத உக்காருறதுக்கு முன்னாடி, எந்த தேடல்ல நம்ம சைட்டு வருதுன்னு காட்டுற கூகுளோட சர்ச் கன்சோல்ல அந்த சைட்டுக்கு வந்த தேடல்கள எடுத்து வகை பிரிச்சேன். பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்ல க்வெரி ஃபில்டர் போடும்போது ரெஜெக்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, கோடு போட்டு பிரிச்சு எழுதுன வார்த்தைகள்ல எது தேடல்ல இருந்தாலும் அது பிடிச்சு குடுக்கும், தமிழ் எழுத்தும் அதுல வேலை செய்யும். நம்ம ஆளுங்க தமிழ்லயும் அடிப்பாங்க, தங்கிலீஷ்லயும் அடிப்பாங்க, அதனால ரெண்டையும் போடணும். ஒரு வரி பதில் வேணும்னு வர்றவங்களுக்கு இது:

```
எத்தனை|எவ்வளவு|ethanai|evlo|evvalavu|how many|to sq
```

செய்முறை தேடி வர்றவங்களுக்கு இது:

```
எப்படி|eppadi|epdi|விண்ணப்ப|apply|how to|online
```

இது துல்லியமா பிரிச்சு குடுத்துடும்னு நினைக்க வேணாம். "எப்படி"ன்னு இருக்கிற தேடல்லயே ரெண்டு வகை ஒளிஞ்சிருக்கும். "பட்டா ஆன்லைன்ல பாக்குறது எப்படி"ங்கிறது அஞ்சு நிமிஷ வேலை, "கூட்டு பட்டாவ பிரிக்கிறது எப்படி"ங்கிறது மாசக்கணக்குல இழுக்குற விவகாரம். ரெஜெக்ஸ் ஒரு முதல் சல்லடைதான், அதுக்கு மேல ஒவ்வொரு தேடலையும் கண்ணால பாக்கணும்.

கூகுள் தன்னோட தர மதிப்பீட்டாளர்களுக்கு குடுக்குற கையேட்டுல ஒரு பிரிவினை இருக்கு, எனக்கு அது ரொம்ப உதவுச்சு. தெரிஞ்சுக்கணும்னு தேடுறதுலயே, ரெண்டொரு வரியில சரியான பதில் முடிஞ்சிடுற எளிய தேடல்கள தனி வகையா பிரிக்கிறாங்க. அப்புறம் ஒரு வேலைய செய்யணும்னு தேடுறது ஒண்ணு, ஒரு குறிப்பிட்ட சைட்டுக்கு போகணும்னு தேடுறது ஒண்ணு. இந்த கடைசி வகைய முதல்லயே ஓரமா வச்சேன். "tnreginet login"னு தேடுற ஆளுக்கு பதிவுத்துறை சைட்டுதான் வேணும். அதுக்கு இந்த சைட்டுல முன்னாடி ஒரு நீள கட்டுரை இருந்துச்சு. அதுக்கு சரியான நீளம் பூஜ்யம், அதாவது அந்த பக்கமே வேணாம்.

சென்ட் பக்கம்

இப்ப முதல் கேஸ். "1 சென்ட் எத்தனை சதுர அடி" தேடுனா, கிளிக் பண்ணாமலேயே மேலயே பதில் கிடைச்சிடுது. அதனால இந்த ஒரு வரிக்காக தனி கட்டுரை வச்சு ஆள் வரும்னு எதிர்பாக்குறதே கஷ்டம். ஆனா அந்த பக்கத்துக்கு வந்த மத்த தேடல்கள பாத்தப்ப வேற ஒண்ணு தெரிஞ்சுது. "ஏர் எத்தனை சென்ட்", "ஹெக்டேர் ஏர் சென்ட்", "பட்டாவில் 0-12.50 என்றால் என்ன" இந்த மாதிரி.

இது ஏன்னா, கிராமப்புற பட்டாவுல பரப்பு சென்ட்ல இருக்காது, ஹெக்டேர் - ஏர்ல இருக்கும். 0 - 12.50ன்னு அச்சாகியிருக்கும். அத பாக்குற ஆளு பன்னெண்டரை சென்ட்னு நினைச்சிடுவாரு. உண்மையில அது 12.50 ஏர். ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர், சென்ட் கணக்குல 2.471. அப்ப 12.50 ஏர் கிட்டத்தட்ட 30.9 சென்ட், சதுர அடியில சுமார் 13,455. பன்னெண்டரை சென்ட்டுக்கும் முப்பத்தொரு சென்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்துல ஒருத்தர் நிலத்த பாதிக்கும் கம்மி விலைக்கு பேசி முடிச்சிடலாம். இந்த பக்கத்தால ஒருத்தருக்கு உண்மையான உதவி கிடைக்கும்னா அது இந்த இடத்துலதான், பழைய 1500 வார்த்தையில இத பத்தி ஒண்ணுமே இல்ல.

அதனால புது பக்கத்துல முதல் வரியே பதில். அதுக்கு கீழ சின்ன அட்டவணை, சென்ட், ஏர், ஏக்கர், ஹெக்டேர், கிரவுண்டு, அவ்வளவுதான். 100 சென்ட் 1 ஏக்கர், 1 ஏக்கர் 43,560 சதுர அடி, 1 கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது அஞ்சரை சென்ட்டுக்கு ஒரு துளி அதிகம். அதுக்கும் கீழ பட்டாவுல பரப்பு எந்த கட்டத்துல இருக்கும், அத எப்படி படிக்கணும்னு மேல சொன்ன 12.50 கணக்கையே போட்டு காட்டினேன். மொத்தம் ஏறக்குறைய 250 வார்த்தையில முடிஞ்சிடுச்சு. நீளம் குறையணும்னு குறைக்கல, கேட்ட கேள்வியும் அதுக்கு அடுத்து கண்டிப்பா வர்ற கேள்வியும் அங்க முடிஞ்சுது.

இதுல ஒரு பள்ளம் இருக்கு, நிறைய பேர் விழுவாங்க. சின்ன பக்கம் போதும்னு தெரிஞ்சதும் "2 சென்ட் எத்தனை சதுர அடி", "3 சென்ட்", "5 சென்ட்", "10 சென்ட்"னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பக்கம் போட ஆரம்பிச்சிடுவாங்க. எல்லாம் ஒரே மாதிரி பக்கம், நம்பர் மட்டும் மாறும். கொஞ்ச நாள்ல சர்ச் கன்சோல்ல பேஜ் இண்டெக்ஸிங் ரிப்போர்ட்ல இதெல்லாம் `Crawled - currently not indexed` கீழ போய் உக்காரும். கூகுள் வந்து பாத்திருக்கு, ஆனா சேத்துக்கலன்னு அர்த்தம். அந்த வரிசையில நிக்கிறதெல்லாம் இந்த மாதிரி நகல் பக்கமா இருந்தா அது பக்கத்தோட நீளத்துல உள்ள கோளாறு இல்ல, ஒரு பக்கத்துல முடிய வேண்டியத பலதா உடைச்ச கோளாறு. இங்கயும் ஓனர் அப்படி போடலாமான்னு கேட்டாரு, எல்லா நம்பரும் அட்டவணையிலயே வர்ற மாதிரி ஒரே பக்கமா வச்சுக்கலாம் சார்னு சொல்லிட்டேன்.

பட்டா பாக்குற பக்கம்

ரெண்டாவது, "பட்டா சிட்டா ஆன்லைன்ல பாக்குறது எப்படி". இது வேலைய செய்யணும்னு வர்றவங்களோட தேடல். இவங்க படிக்க வரல, eservices.tn.gov.in பக்கத்த ஒரு பக்கம் திறந்து வச்சுக்கிட்டு இங்கயும் அங்கயும் மாறி மாறி பாத்துட்டு இருப்பாங்க. பட்டான்னா என்னன்னு முன்னுரை போட்டா அவங்களுக்கு அது இடைஞ்சல்தான்.

இந்த வகைக்கு நீளத்த தீர்மானிக்கிறது படிகளோட எண்ணிக்கை கூட இல்ல, ஆளுங்க எந்த படியில மாட்டுறாங்கங்கிறதுதான். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணோ புல எண்ணோ போட்டு, சரிபார்ப்புக்கு கேக்குறத அடிச்சு சமர்ப்பிக்கிறது, இத நாலு வரியில சொல்லிடலாம். மாட்டுற இடம் வேற. முதலாவது, தன் ஊர் பேரு அந்த லிஸ்ட்லயே இருக்காது, ஏன்னா அங்க இருக்கிறது வருவாய் கிராமத்தோட பேரு, நாம சொல்ற ஊரு அதுக்குள்ள ஒரு குக்கிராமமா இருக்கலாம். அந்த பேர பத்திரத்துல சொத்து விவரம் எழுதியிருக்கிற இடத்துல பாக்கலாம், இல்ல கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கேக்கலாம். அடுத்தது உட்பிரிவு எண். புல எண் 142ன்னு போடுவாங்க, ஆனா அவங்க நிலம் 142/3B ஆ இருக்கும், உட்பிரிவ சரியா எடுக்கலன்னா வேற யாரோட பட்டாவோ வந்து நிக்கும். அப்புறம் ஊரகமா நகர்ப்புறமாங்கிற தேர்வு, நகரத்த ஒட்டின பகுதியில இருக்கிறவங்களுக்கு இதுல குழப்பம் வரும்.

படிகளுக்கு மொத்தமா நாலு வரி, இந்த மூணு சிக்கலுக்கும் தலா ஒரு பத்தி, ரெண்டு ஸ்கிரீன்ஷாட். 400 வார்த்தைக்குள்ள வந்துச்சு. இதுல எங்க நிறுத்தணும்னு எனக்கு ஒரு அளவுகோல் இருந்துச்சு, இந்த பக்கத்த பாத்துக்கிட்டே ஒரு ஆளு யாருக்கும் போன் பண்ணாம பட்டாவ திரையில பாத்துட முடியுமா. முடியும்னா போதும்.

கூட்டு பட்டா பக்கம்

மூணாவதுதான் பெருசு. இது ஒரே கேள்வி மாதிரி தெரியும், ஆனா வர்றவங்க நிலைமை ஆளுக்கு ஆள் வேற. அதனால முதல்ல எழுதல. தேடல் பட்டியல், அந்த கட்டுரைக்கு கீழ ஆளுங்க கேட்டிருந்த கேள்விகள், கூகுள்ல தேடும்போது மத்தவங்க கேட்டதுன்னு நடுவுல வர்ற கேள்விகள், எல்லாத்தையும் ஒரு ஷீட்ல போட்டு யாரு எந்த நிலைமையில இருந்து கேக்குறாங்கன்னு பக்கத்துல எழுதினேன்.

நாலு நிலைமை பிரிஞ்சு வந்துச்சு. பாகப்பிரிவினை பத்திரம் பதிவாகி பட்டா மட்டும் மாத்த வேண்டியவங்க. அப்பா பேர்ல இருக்கு, அவரு இறந்துட்டாரு, இன்னும் பாகமே பிரிக்கல, இவங்க வாரிசு சான்றுல இருந்து ஆரம்பிக்கணும். கூட்டு பட்டாவுல இருந்த ஒருத்தரோட பங்க கிரயம் வாங்கினவங்க. கடைசியா, பங்காளிகள்ல ஒருத்தர் ஒத்துக்காதவங்க, பேச்சுல முடியலன்னா இவங்க சிவில் கோர்ட்டுல பாகப்பிரிவினை வழக்கு போட வேண்டியிருக்கும். இதுக்கெல்லாம் பொதுவா ஒரு பகுதி இருக்கு. நிலத்த பிரிக்கணும்னா உட்பிரிவு பண்ணணும், அதுக்கு நில அளவர் வந்து அளக்கணும், புலப்படத்துல புது கோடு வரணும். இது உட்பிரிவு இல்லாத சாதாரண பெயர் மாத்தத்த விட ஏன் நாள் எடுக்குதுன்னு சொல்லணும், இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரருக்கு சீக்கிரம் வந்துடுச்சே எனக்கு ஏன் வரலன்னு அலைவாங்க. வட்டாட்சியர் நிராகரிச்சா வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மேல்முறையீடு போகலாம்ங்கிறதும் சொல்லணும்.

இதெல்லாம் எழுதி முடிச்சப்ப 2300 வார்த்தைக்கு பக்கம் வந்துச்சு, பழைய ரூல விட அதிகம். ஓனருக்கு இங்க ஒரு சந்தேகம் வந்துச்சு, "சின்னதா எழுதணும்னு சொன்னீங்க, இது இவ்வளவு பெருசா இருக்கே." சின்னதா எழுதணும்னு நான் சொல்லவே இல்ல. இந்த பக்கத்த யாரும் முழுசா படிக்க மாட்டாங்க, படிக்கவும் தேவையில்ல. மேலயே நாலு நிலைமையையும் அவங்க பேசுற மாதிரியே எழுதி லிங்க் குடுத்தேன், "அப்பா இறந்துட்டாரு, பட்டா அவரு பேர்ல இருக்கு", "ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட மாட்டேங்குறாரு" இந்த மாதிரி. தன் நிலைமைய தொட்டா நேரா அந்த பகுதிக்கு போயிடும். அதனால ஒரு ஆளு படிக்கிறது 600, 700 வார்த்தைதான்.

அப்ப நாலு தனி பக்கமா போட்டிருக்கலாமேன்னு கேக்கலாம். நானும் யோசிச்சேன். ஆனா உட்பிரிவு, அளவை, மேல்முறையீடு எல்லாருக்கும் பொதுவா இருக்கு, நாலு பக்கத்துலயும் அத திருப்பி எழுத வேண்டியிருக்கும், அது சென்ட் பக்கத்துல சொன்ன அதே நகல் பிரச்சனை. ஒண்ண மட்டும் பின்னாடி தனியா பிரிச்சேன், வாரிசு சான்று வாங்குறது. அதுக்கு பட்டா சம்பந்தமே இல்லாம பேங்க், பென்ஷன்னு வேற காரணத்துக்காக தேடி வர்றவங்க இருக்காங்க, அது தனி தேடல்.

சரியா வந்துச்சான்னு எப்படி பாக்குறது

இங்க எல்லா பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் வச்சா திரும்ப பழைய தப்புக்கே போயிடுவோம். கூகுள் அனலிடிக்ஸ்ல, அதாவது ஜி.ஏ.4ல, சராசரி ஈடுபாட்டு நேரம்னு ஒண்ணு வரும். சென்ட் பக்கத்துல அது குறைவா இருந்தா நல்லது, ஆளு வந்தாரு, நம்பர பாத்தாரு, போயிட்டாரு. கூட்டு பட்டா பக்கத்துல அதே குறைவான நேரம்னா முதல் திரையிலயே தன் நிலைமை அங்க இல்லன்னு நினைச்சு போயிட்டாருன்னு சந்தேகப்படணும். ஸ்க்ரோல் கணக்கும் அப்படித்தான். ஜி.ஏ.4ல தானா பதிவாகுற ஸ்க்ரோல் நிகழ்வு பக்கத்தோட 90 சதவீதம் தாண்டுனாதான் பதிவாகும், லிங்க்க தொட்டு நடுவுல ஒரு பகுதிய படிச்சிட்டு போற பக்கத்துக்கு அந்த நம்பர் ஒண்ணும் சொல்லாது. அதனால அந்த மேல் லிங்க்குகள்ல எது எத்தனை முறை தொடப்படுதுன்னு தனியா நிகழ்வு வச்சோம். "ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட மாட்டேங்குறாரு"ங்கிறதத்தான் அதிகம் தொடுறாங்க. முன்னாடி இல்லாமலே இருந்த பகுதி அது.

பக்கம் நீளம் பத்தலங்கிறத கண்டுபிடிக்க சர்ச் கன்சோல்தான் நல்ல இடம். ஒரு பக்கத்த மட்டும் ஃபில்டர் பண்ணி அதுக்கு வந்த தேடல்கள பாருங்க. இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவுல பக்கம் தெரிஞ்ச எண்ணிக்கை, நிறைய, கிளிக் இல்ல, அந்த தேடலுக்கான பதில் பக்கத்துல இல்லன்னா அங்க ஒரு பகுதி விட்டுப்போச்சு, இல்லன்னா அது தனி பக்கம் கேக்குற தேடல். இதுல எதுன்னு முடிவு பண்ண அந்த தேடல நீங்களே போட்டு மேல வர்ற பக்கங்கள பாக்கணும், அவங்க அத ஒரு பகுதியா வச்சிருக்காங்களா, தனி பக்கமாவே வச்சிருக்காங்களான்னு. தமிழ்ல ஒரு எச்சரிக்கை, நிறைய தேடலுக்கு மேல வர்ற பக்கங்களே இந்த 1500 ரூல்ல எழுதினதாதான் இருக்கு. அதனால அவங்க நீளத்த காப்பி அடிக்க கூடாது, எந்தெந்த கேள்விய எடுத்துக்குறாங்கன்னு மட்டும் பாக்கணும்.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் இருக்கு. புது சைட்டுக்கு சர்ச் கன்சோல்ல தேடலே இருக்காது, அப்ப வகை பிரிக்க ஆளுங்க கேக்குற கேள்வியதான் நம்பணும், கிராம நிர்வாக அலுவலகம், இ-சேவை மையம் மாதிரி இடத்துல காது குடுத்தாலே நிறைய கிடைக்கும். அதோட நீளத்த சரி பண்ணதால மட்டும் ரேங்க் ஏறிடும்னு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கடைசியா தீர்க்க வேண்டியிருந்தது காசு விஷயம். அங்க எழுதுறவங்களுக்கு வார்த்தை கணக்குலதான் சம்பளம், அது இருக்கிற வரைக்கும் எந்த வழிகாட்டுதல் குடுத்தாலும் சென்ட் பக்கம் திரும்ப வீங்கிடும், அதுல எழுதுறவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஓனரோட பேசி பக்க வகைக்கு விலைன்னு மாத்தினோம். எளிய பதில் பக்கத்துக்கு ஒரு தொகை, செய்முறை பக்கத்துக்கு ஒரு தொகை, நிலைமை பிரிச்சு எழுதுற பக்கத்துக்கு அதிகமா, அதுல கேள்விகள் சேகரிக்கிற நேரமும் சேரும். எழுதுறவங்களுக்கு குடுக்குற பிரீஃப்ல வார்த்தை எண்ணிக்கை இருந்த இடத்துல இப்ப ரெண்டு வரி இருக்கு, இந்த பக்கத்த மூடும்போது படிக்கிறவர் கையில என்ன இருக்கணும், அவர் அடுத்து கேக்கப்போற கேள்வி என்ன. பழைய பக்கங்கள்ல இன்னும் திருத்தாதது நிறைய இருக்கு, அடுத்து வில்லங்க சான்று பக்கம்.